ஆள் ஊரில், சம்பளம் ஷார்ஜாவில்

2009-ஆம் ஆண்டு நவம்பரில் தில்லி மாநகராட்சி ஒரு கணக்கை வெளியிட்டது. சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் 1,27,094 பேர். விரல்ரேகை வைத்து வருகையைப் பதியச் சொன்ன பிறகு உண்மையில் ஆளாக வந்து நின்றவர்கள் 1,04,241 பேர். மீதி 22,853 பேர் எங்கே? பெயர் மட்டும் இருந்தது, சம்பளம் போய்க்கொண்டிருந்தது. மாதத்துக்குச் சுமார் 17 கோடி ரூபாய்.

ஏழு வருடம் கழித்து நைஜீரியாவில் இதே வேலையை வேறு முனையிலிருந்து செய்தார்கள். அங்கே ஒவ்வொரு வங்கி வாடிக்கையாளருக்கும் விரல்ரேகையோடு சேர்ந்த ஓர் எண் உண்டு. எத்தனை வங்கியில் கணக்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே எண்தான். மத்திய அரசின் சம்பளப் பட்டியலை அந்த எண்ணோடு பொருத்திப் பார்த்தபோது, பட்டியலில் ஒரு பெயரும் கணக்கில் வேறு பெயரும் இருப்பது தெரிந்தது. ஒரே ஆள் பல இடங்களில் சம்பளம் வாங்குவதும் வெளியே வந்தது. 2016 பிப்ரவரியில் சுமார் 24,000 பெயர்களை நீக்கியதாக அறிவித்தார்கள்.

இந்த இரண்டையும் படிக்கும்போது வேலை சுலபம்போலத் தெரியும். சம்பளப் பட்டியலை வருகைப் பதிவோடு ஒப்பிடு, வங்கி விவரத்தோடு ஒப்பிடு, பொருந்தாத பெயரைத் தூக்கு. என் துறையில் இதைக் 'கோஸ்ட் எம்ப்ளாயி' சோதனை என்பார்கள். பேய் ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். துபாயில் சம்பள மென்பொருள் நிறுவிக் கொடுக்கும் வேலையில் இருப்பதால் இந்தச் சோதனையைப் பல நிறுவனங்களில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வருகையும் சரியாக இருந்து வங்கிக் கணக்கும் சரியாக இருந்து, ஆள் மட்டும் இல்லாமல் போன ஒரு கேஸை இங்கே சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அடையாளம் தெரியாமலிருக்க எண்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

ஷார்ஜாவில் கேம்ப் வைத்திருக்கும் ஒரு துப்புரவு ஒப்பந்த நிறுவனம் அது. மால், அலுவலகக் கோபுரம், பள்ளிக்கூடம் என்று அறுபது சைட்டுகள். தொழிலாளர்கள் பெரும்பாலும் நம்மாட்கள், நேபாளிகள், வங்காளிகள். பெரிய சைட்டில் முகம் பார்த்துப் பதியும் கருவி உண்டு. சின்ன சைட்டில் ஃபோர்மேன் மஸ்டர் தாளில் டிக் அடிப்பார், டைம் கீப்பர் அதை எக்செலில் ஏற்றுவார், மாதக் கடைசியில் சம்பளப் பிரிவு எடுத்துக்கொள்ளும். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

சம்பளம் போகும் வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமீரகத்தில் 2009-லிருந்து சம்பளப் பாதுகாப்பு முறை ஒன்று இருக்கிறது. எல்லோரும் டபிள்யூ.பி.எஸ். என்றுதான் சொல்வோம். நிறுவனம் மாதாமாதம் ஒரு கோப்பைத் தயாரித்து வங்கிக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ அனுப்பும். அது மத்திய வங்கி வழியாகப் போகும். தொழிலாளர் அமைச்சகம் யாருக்குச் சம்பளம் போனது, யாருக்குப் போகவில்லை என்று பார்த்துக்கொள்ளும். அந்தக் கோப்பில் ஓர் ஊழியருக்கு ஒரு வரி. அது இப்படி இருக்கும் (எண்கள் கற்பனை):

```
EDR,00012345678901,012345678,AE070331234567890123456,2023-03-01,2023-03-31,31,1200.00,300.00,0
```

முதலில் வருவது அமைச்சகம் தரும் 14 இலக்க எண். அடுத்தது வங்கியின் எண், அதற்கடுத்தது கணக்கின் ஐபான் எண். பிறகு சம்பளக் காலம், நாட்கள், நிலையான சம்பளம், ஓவர்டைம் மாதிரி மாறும் தொகை, விடுப்பு நாள். நன்றாகப் பாருங்கள், இந்த வரியில் பெயரே இல்லை. எண்ணும் கணக்கும் சரியாக இருந்தால் பணம் போய்விடும். முறையின் குறை என்று இதைச் சொல்லமாட்டேன். முதலாளி சம்பளம் போடாமல் ஏமாற்றுவதைத் தடுக்கத்தான் இது வந்தது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் பேய் ஊழியர் விஷயத்தில் முதலாளிதான் ஏமாறுகிறவர். தவறாமல், தேதி பிசகாமல் சம்பளம் வாங்கும் பேய் இந்த முறையின் கண்ணுக்கு மிக நல்ல ஊழியர்.

அந்த நிறுவனத்தில் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறும் சமயம். தரவை மாற்றுமுன் தணிக்கை அதிகாரி ஒருவர், மலையாளி, "அப்படியே ஏத்தாதீங்க, ஆள் இருக்கானான்னு பாத்துட்டு ஏத்தலாம்" என்றார். அப்படித்தான் இந்த வேலை என் மேசைக்கு வந்தது.

முதல் கேள்வி, எதை வைத்துப் பொருத்துவது? பெயரை வைத்துப் பொருத்தக் கூடாது. அதிலும் தமிழ்ப் பெயரை வைத்துப் பொருத்தவே கூடாது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் 'முத்து கருப்பையா' என்று இருக்கும். மனிதவளப் பிரிவின் பட்டியலில் 'கே. முத்து'. வங்கியில் 'கருப்பையா முத்து', அதுவும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து குறைச்சலாக. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். அதே சமயம் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த இரண்டு முத்துக்களுக்கு அப்பா பெயரும் கருப்பையாவாகவே இருந்துவிட்டால் கணினிக்கு அவர்கள் ஒரே ஆள். பொருந்தாத பெயரைத் தூக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு விதி போட்டால் முதலில் சம்பளம் நிற்பது கேம்பில் படுத்திருக்கும் உண்மையான முத்துவுக்குத்தான். பேய்க்குப் பெயர் எல்லா இடத்திலும் அழகாகப் பொருந்தும், ஏனென்றால் அதைக் கவனமாக வைத்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறான்.

அதனால் பத்தாக்கா எண்ணை எடுத்துக்கொண்டோம். 784 என்று தொடங்கி, அடுத்துப் பிறந்த வருடம் வரும் 15 இலக்க எண். கம்பெனி மாறினாலும் அது ஆளோடு போகும். சம்பளக் கோப்பில் அது இல்லை. ஆனால் மனிதவளப் பட்டியலில் அமைச்சக எண்ணும் பத்தாக்கா எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அந்தப் பட்டியலைப் பாலமாக வைத்துச் சம்பளத்தையும் வருகையையும் இணைத்தோம். மார்ச் மாதத்துக்கு முதல் சோதனை:

```
SELECT p.eid, p.amount
FROM   pay p
LEFT JOIN att a
  ON a.eid = p.eid AND a.work_month = p.pay_month
WHERE  p.pay_month = '2023-03' AND a.eid IS NULL;
```

சம்பளம் போயிருக்கிறது, ஆனால் ஒரு நாள்கூட வேலைக்கு வந்ததாகப் பதிவு இல்லை. அப்படி யார் யார் என்று கேட்கிறோம், அவ்வளவுதான். சம்பளம் வாங்கிய 1,812 பேரில் 81 பேர் வந்தார்கள். அறையில் இருந்த மேலாளர் ஒருவருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. எண்பத்தோரு பேய்களா!

இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தோம். 49 பேர் வருடாந்திர விடுப்பில் ஊருக்குப் போனவர்கள், விடுப்புச் சம்பளம் முறைப்படி போயிருக்கிறது. 14 பேர் அலுவலக ஊழியர்கள், ஓட்டுநர்கள். அவர்களுக்கு மஸ்டரே கிடையாது. 4 பேர் மருத்துவ விடுப்பு. 9 பேருக்கு டைம் கீப்பர் எண்ணைத் தப்பாகத் தட்டியிருந்தார். அந்த ஒன்பதில் ஐந்து பேர் தமிழர்கள், பெயரைத் தேடி எண்ணை எடுத்ததில் பக்கத்து முத்துவின் எண் வந்துவிட்டது. 3 பேர் மாதத் தொடக்கத்தில் சைட் மாறியவர்கள், புதிய சைட்டின் தாள் ஏறவில்லை. 2 பேர் வேலையை விட்டுப் போனவர்கள், கணக்கு முடிக்கும் காகிதம் மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. கூட்டிப் பாருங்கள், 81 வந்துவிடும். பேய் ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது சோதனை வங்கிக் கணக்கு. ஒரே ஐபானுக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் சம்பளம் போகிறதா?

```
SELECT iban, COUNT(DISTINCT eid)
FROM   pay
WHERE  pay_month = '2023-03'
GROUP BY iban
HAVING COUNT(DISTINCT eid) > 1;
```

ஒரே ஒரு ஜோடி வந்தது. அதுவும் பேய் அல்ல. ஒரே பெயர், ஒரே அப்பா பெயர் கொண்ட இரண்டு பேர். எழுத்தர் ஒருவரின் கணக்கை இன்னொருவருக்கும் ஒட்டிவிட்டார். இரண்டு மாதமாக ஒருவர் கணக்கில் இரண்டு சம்பளம். அவர் எடுத்து எண்ணி மற்றவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஆபீஸ்ல சொன்னா நின்னுபோயிருமோன்னு பயம் சார், அதான் நாங்களே பங்கு வெச்சுக்கிட்டோம்" என்றார். நேர்மையான இரண்டு பேர் கணினியின் கண்ணுக்குத் திருடர்களாகத் தெரிந்தது இங்கேதான்.

பாடப்புத்தகத்தில் சொல்லும் இரண்டு சோதனையும் முடிந்துவிட்டன. பல இடங்களில் இதோடு 'பேய் இல்லை' என்று கையெழுத்துப் போட்டு மூடிவிடுவார்கள். தணிக்கை அதிகாரி மூடவிடவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி. "இந்த வருகையை எழுதினது யாரு?"

கேள்வியின் கூர்மை எனக்குப் புரியச் சில நிமிடங்கள் ஆயின. நாம் இரண்டு பட்டியலை ஒப்பிடும்போது, இரண்டும் வேறு வேறு கைகளிலிருந்து வந்தவை என்று நினைத்துக்கொள்கிறோம். தில்லியில் அது உண்மை. சம்பளப் பட்டியல் அலுவலகத்தில் எழுதியது, வருகையைச் சொன்னது ஆளின் விரல். நைஜீரியாவிலும் உண்மை. பட்டியல் துறைகளுடையது, கணக்கு எண் வங்கியுடையது. இங்கேயோ சின்ன சைட்டில் ஃபோர்மேன் டிக் அடிக்கிறார், அந்த டிக்கை வைத்துத்தான் சம்பளமே போடுகிறார்கள். பிறகு அந்தச் சம்பளத்தை அதே டிக்கோடு ஒப்பிட்டால் பொருந்தாமல் எப்படிப் போகும்? ஒரே வாய் இரண்டு தடவை சொன்னதை இரண்டு சாட்சி என்று எடுத்துக்கொண்டோம்.

வங்கிக் கணக்கும் அப்படியேதான். குறைந்த சம்பளக்காரர்களில் பலருக்கு முழு வங்கிக் கணக்கு கிடையாது, சம்பள அட்டைதான். ஆளுக்கு ஓர் அட்டை, ஆளுக்கு ஓர் எண். அட்டை யார் பையில் இருக்கிறது என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. கணக்கு எண் இரட்டிப்பதைத் தேடினால் ஒரே கணக்கில் இரண்டு சம்பளம் போடும் அளவுக்குச் சோம்பேறியான திருடன்தான் சிக்குவான். ஐந்து அட்டையைக் கையில் வைத்திருப்பவன் சிக்கமாட்டான்.

எனவே கேள்வியை மாற்றினோம். யார் வரவில்லை என்பதை விட்டுவிட்டு, யார் வந்தது நம்பும்படியாக இல்லை என்று கேட்டோம். உண்மையான மனிதனின் வருகைக்கு ஒரு மேடு பள்ளம் இருக்கும். காய்ச்சல் வரும், பஸ் தவறும், பத்தாக்கா புதுப்பிக்க ஒரு நாள் போகும், ஓவர்டைம் ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். பின்னோக்கி ஆறு மாதத் தரவை எடுத்து, ஒரு நாள்கூடத் தவறாமல், ஓவர்டைமும் தினம் ஒரே அளவில் வாங்கியவர்களை எடுத்தோம். 38 பேர்.

இந்த முப்பத்தெட்டையும் உடனே சந்தேகிக்க முடியாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஓடும் சைட்டில் எல்லோருக்குமே ஓவர்டைம் ஒரே அளவுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிறவன் ஆறு மாதம் விடுப்பு எடுக்காததும் இயல்புதான். காய்ச்சல் வந்தாலும் சம்பளம் பிடிப்பார்களே என்று வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதனால் இது தீர்ப்பு ஆகாது. அடுத்து எங்கே தேடுவது என்று காட்டும், அவ்வளவுதான்.

அடுத்துத் தேடியது ஃபோர்மேனின் கைபடாத பதிவுகளில். கேம்ப் பாஸிடம் கட்டில் பட்டியல் இருக்கும், எந்த அறையில் எந்தக் கட்டிலில் யார் என்று. அவர் அதை எழுதுவது சம்பளத்துக்காக அல்ல, கட்டில் காலியா இல்லையா என்று தெரிய. ஸ்டோரில் யூனிபார்ம் பேரேடு இருக்கும், வருடத்துக்கு இரண்டு செட் துணி, ஒரு ஜோடி பாதுகாப்புக் காலணி, கையெழுத்தோடு. இந்த இரண்டையும் எழுதியவர்களுக்குச் சம்பளத்தோடு எந்த ஒட்டும் உறவும் இல்லை. அதனால்தான் அவை சாட்சி.

முப்பத்தெட்டில் 31 பேருக்குக் கட்டில் இருந்தது. 7 பேருக்கு இல்லை. ஏழில் 2 பேர் உறவினரோடு வெளியே தங்கி வீட்டுப்படி வாங்குகிறவர்கள், அவர்கள் ஸ்டோரில் துணியும் காலணியும் வாங்கியிருந்தார்கள். நேரில் வந்தும் நின்றார்கள். மீதி 5 பேர். கட்டில் இல்லை, துணி இல்லை, காலணி இல்லை. பேய்க்குக் கால் தரையில் படாது என்று பாட்டி சொன்னது நினைவுக்கு வந்தது. ஐந்து பேரும் பக்கத்துப் பக்கத்து இரண்டு கோபுரங்களில் இரவு ஷிப்ட், ஒரே ஃபோர்மேன். மனிதவளப் பட்டியலில் கைபேசி எண்ணை ஒப்பிட்டோம். அட்டையில் சம்பளம் ஏறியதும் குறுஞ்செய்தி போகும் எண் அது. ஐந்தில் மூன்று பேருக்கு ஒரே எண்.

இதுவரை வந்தது எல்லாம் திரையில். ஒரு மனிதனைத் திருடன் என்று சொல்ல இது போதாது, இன்னொரு மனிதனின் சம்பளத்தை நிறுத்தவும் போதாது. கட்டில் பட்டியலும் தப்பாக இருக்கலாம். அதனால் தலை எண்ணப் போனோம். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சைட்டில் மட்டும் எண்ணினால் "அவங்க கேம்ப்ல உடம்பு சரியில்லாம படுத்திருக்காங்க" என்பார்கள். கேம்பில் மட்டும் எண்ணினால் "சைட்ல இருக்காங்க" என்பார்கள். முன்கூட்டிச் சொன்னால் வேறு சைட்டிலிருந்து ஆளைக் கடன் வாங்கி நிறுத்துவார்கள். எனவே ஒரே இரவில் ஒன்பது மணிக்கு இரண்டு குழுவாகப் போனோம். கையில் பத்தாக்காவின் சில்லைப் படிக்கும் கருவி. பெயரைக் கூப்பிட்டுக் கை தூக்கச் சொல்வது எண்ணிக்கை ஆகாது.

மஸ்டரில் 27 பேர். கோபுரங்களில் நின்றவர்கள் 22 பேர். அந்த ஐந்து பேரும் காய்ச்சலில் கேம்பில் என்று பதில் வந்தது. கேம்பில் என் நண்பர் அந்த நேரத்தில் அறை அறையாக அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். அங்கேயும் இல்லை.

வெளியே வரும்போது தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவர், தரை துடைக்கும் வண்டியைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார். "இருபத்தேழு பேர் வேலைண்ணே இது. நாங்க இருபத்திரண்டு பேர்தான். அஞ்சு பேர் லீவுல இருக்காங்க, வந்துருவாங்கன்னு ரொம்ப நாளா சொல்றாங்க." எனக்கு அதுவரை இது முதலாளியின் பணம் பற்றிய விஷயமாகத்தான் இருந்தது. கட்டடக்காரர் 27 பேருக்குப் பணம் கொடுக்கிறார், 27 பேர் வேலை நடந்தாக வேண்டும். அதை 22 பேர் முதுகில் ஏற்றித்தான் யாருக்கும் தெரியாமல் ஓட்டியிருக்கிறார்கள்.

ஐந்து பேரும் கற்பனைப் பெயர்கள் அல்ல. உண்மையாகவே அங்கே வேலை பார்த்து, விடுப்பில் போய், திரும்பி வராதவர்கள். போகும்போது "வந்து வாங்கிக்கிறேன்" என்று அட்டையை ஃபோர்மேனிடம் கொடுத்திருக்கிறார்கள், ரகசிய எண்ணோடு. சிலர் வாங்கிய கடனுக்கு ஈடாகக் கொடுத்திருக்கலாம். விடுப்பு முடியும் நாளில் 'ஆள் திரும்பிவிட்டார்' என்று ஃபோர்மேனிடமிருந்து ஒரு மின்னஞ்சல். மனிதவளப் பிரிவு அதை அப்படியே பதிந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை பார்த்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மஸ்டரில் டிக், எக்செலில் எண், கோப்பில் வரி, அட்டையில் பணம். ஒருவருக்கு 14 மாதம், மற்றவர்களுக்கு 12, 11, 9, 6 மாதம். மொத்தம் 52 மாதச் சம்பளம். மாதம் 1,500 திர்ஹம் வீதம் 78,000 திர்ஹம்.

இப்படியே என்றைக்கும் ஓட்ட முடியாது. வழக்கமாக வேலை விசா இரண்டு வருடம். புதுப்பிக்க ஆள் நேரில் போய் மருத்துவப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். ஃபோர்மேன் டிக் அடிக்கலாம், இரத்தம் கொடுக்க முடியாது. ஆகையால் இங்கே பேயின் ஆயுள் விசாவின் ஆயுள்தான். அந்த ஃபோர்மேனும் விசா முடிய நிறைய நாள் இருந்தவர்களாகப் பார்த்துத்தான் வைத்திருந்தார் என்பது பிறகு தேதிகளைப் பார்த்தபோது தெரிந்தது.

ஊரில் இருந்த ஐந்து பேரையும் மனிதவளப் பிரிவு கூப்பிட்டுப் பேசியது, நான்கு பேர் கிடைத்தார்கள். அதில் ஒருவர் திருநெல்வேலிக்காரர் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். அம்மாவுக்கு ஆபரேஷன், அதனால் திரும்பவில்லை என்றார். சம்பளம் போய்க்கொண்டிருப்பதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "என் பேர்லயா சார்? நான் வாங்கலியே. நாளைக்கு மறுபடி விசா எடுத்து வந்தா என்னைப் பிடிப்பாங்களா?" என்று கேட்டார். அதுதான் அவர் கவலை. கணினியைப் பொறுத்தவரை 14 மாதம் வேலைக்கு வராமல் சம்பளம் வாங்கியவர் அவர்தானே. திருடனின் பெயர் எந்தத் தரவிலும் இல்லை. நிறுவனத்தின் அறிக்கையில் அவருடைய பங்கு எதுவும் இல்லை என்று எழுத்தில் பதிய வேண்டும் என்று தணிக்கை அதிகாரி பிடிவாதமாக நின்றார். எழுதினார்கள்.

பிறகு புதிய மென்பொருளில் மூன்று மாற்றங்கள் செய்தோம். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. விடுப்பிலிருந்து திரும்பியதாகப் பதிய நுழைவு முத்திரையின் படம் கட்டாயம், பதிகிறவர் அந்த ஆளின் ஃபோர்மேனாக இருக்கக் கூடாது. மாதாமாதம் சம்பளம் போடுமுன் கட்டில் பட்டியலோடு தானாக ஓர் ஒப்பீடு ஓடும். கைபேசி எண் இரட்டித்தால் எச்சரிக்கை வரும், ஆனால் சம்பளம் நிற்காது. இந்தக் கடைசி விஷயத்துக்கு நிறைய வாதாட வேண்டியிருந்தது. சந்தேகம் வந்தால் பணத்தை நிறுத்தினால்தானே ஆள் ஓடி வருவான் என்றார் ஒரு மேலாளர். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கேம்பில் இரண்டு அண்ணன் தம்பி ஒரே கைபேசி எண்ணைக் கொடுத்திருப்பது சாதாரணம். மாதம் 1,500 திர்ஹம் வாங்கி 1,200 ஊருக்கு அனுப்புகிறவனுக்கு ஒரு மாதச் சம்பளம் நின்றால் ஊரில் வட்டி ஏறும். ஆளை அட்டையோடு வரச் சொல்ல ஒரு நாள் போதும். வராவிட்டால் அப்புறம் நிறுத்தலாம்.

இவ்வளவு செய்தும் பிடிபடாத ஒரு வகை உண்டு. அதை நாங்கள் எங்களுக்குள் அரைப்பேய் என்று சொல்வோம். ஆள் உண்மை, கட்டில் உண்டு, காலணி உண்டு, அட்டை அவன் பையில்தான். ஆனால் மாதத்தில் பத்து நாள் வேறு எங்கேயோ பார்ட் டைம் வேலைக்குப் போகிறான், ஃபோர்மேன் டிக் அடித்து அந்தப் பத்து நாள் சம்பளத்தில் பாதியை ரொக்கமாக வாங்கிக்கொள்கிறார். எந்த இரண்டு பட்டியலை ஒப்பிட்டாலும் பொருந்தும். அட்டையிலிருந்து பணம் எடுத்த பிறகு அது யார் கைக்குப் போகிறது என்பதை நிறுவனம் பார்க்க முடியாது, வங்கியும் காட்டாது. கட்டடக்காரரின் வாசலில் இருக்கும் நுழைவுப் பதிவு கிடைத்தால் ஓரளவு பிடிக்கலாம். அந்தப் பதிவைக் கேட்டு எழுதினோம். பாதுகாப்பு விதிகளின்படி வெளியாருக்குத் தர இயலாது என்று பதில் வந்தது. இப்போதைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தேதி யாருக்கும் சொல்லாமல், ராத்திரி ஒன்பது மணிக்குக் கருவியை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.